கடை உரிமையாளர் இறந்தபின் வாரிசுகள் வாடகைதாரருக்கு அனுப்பும் கடிதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாடகைப் பத்திரங்களும் நோட்டீஸ்களும் எழுதிக் கொடுப்பவன் என்பதால் இந்தச் சந்தேகங்கள் இரண்டு பக்கத்திலிருந்தும் என்னிடம் வரும். காலையில் வாரிசு ஒருவர் கேட்பார், மாலையில் வேறொரு கடைக்காரர் அதையே திருப்பிப் போட்டுக் கேட்பார். அதனால் இருவரின் கேள்விகளையும் ஒரே இடத்தில் வைத்திருக்கிறேன். சொல்லியிருப்பது இந்தியச் சட்டப்படி. ஓரிரு இடங்களில் தமிழ்நாட்டு நடைமுறை வரும்.

அப்பா தவறிட்டார். கடையில வாடகைக்கு இருக்கிறவருக்கு எழுத்துல அனுப்பணுமா? துக்கத்துக்கே வந்தாரே, அவருக்குத் தெரியாதா?

இறந்தது அவருக்குத் தெரியும். இனி வாடகையை யாரிடம் கொடுப்பது என்பது தெரியாது. உயில் இல்லாவிட்டால் உரிமையாளர் கண்மூடிய நிமிடமே கடை வாரிசுகளுக்கு வந்துவிடுகிறது. கடிதம் அனுப்பினால்தான் உரிமை வரும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால் கடிதம் இல்லாத வரை கடைக்காரர் யாரை நம்பிப் பணம் கொடுத்தாலும், "நல்லெண்ணத்தில் கொடுத்தேன்" என்று சொல்ல அவருக்கு இடம் இருக்கிறது. சொத்து மாற்றுச் சட்டம் 1882-ன் பிரிவு 50 அவருக்குத் துணை நிற்கும். எழுத்தில் கொடுத்த தேதிக்குப் பிறகு அந்தச் சாக்கு எடுபடாது.

துக்க வீட்டில் பெரிய மாமா, "இனிமே தம்பிகிட்ட கொடுங்க" என்று சொல்லியிருப்பார். ஆறு மாதம் கழித்து, யார் சொன்னது, எந்தத் தம்பியைச் சொன்னது என்பதுதான் தகராறாக நிற்கும். ஒரு பக்கக் கடிதம் போட்டுவிட்டால் அந்தப் பேச்சே எழாது.

கடிதத்துல என்ன எழுதணும்? வக்கீல் வெச்சுத்தான் அனுப்பணுமா?

வக்கீல் அவசியமில்லை, முத்திரைத்தாளும் வேண்டாம். வெள்ளைத்தாளில் நீங்களே எழுதலாம். இறந்தவர் பெயர், இறந்த தேதி, எந்தக் கடை, வாரிசுகள் யார் யார், இனி வாடகையை யார் பெறுவார், எந்தக் கணக்கில், எந்த மாத வாடகையிலிருந்து என்ற விவரங்கள் இருந்தால் போதும். பலரும் கடைசி விவரத்தை விட்டுவிடுகிறார்கள். "இனிமேல்" என்று எழுதாதீர்கள், மாதத்தின் பெயரை எழுதுங்கள். நான் எழுதிக் கொடுப்பது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

> மேற்படி கடையின் உரிமையாளரும் எங்கள் தந்தையுமான திரு. ____ அவர்கள் ஜூன் 11 அன்று காலமானார். அவருடைய வாரிசுகள் மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள் ஆகிய நாங்கள் நால்வர் மட்டுமே. ஜூன் மாத வாடகை முதல் எங்கள் நால்வர் சார்பிலும் எங்கள் தாயார் திருமதி ____ அவர்கள் வாடகையைப் பெற்று ரசீது தருவார். கீழ்க்கண்ட கணக்கில் அவர் பெறும் தொகை நாங்கள் அனைவரும் பெற்றதாகும். ஒப்பந்தத்தின் மற்ற நிபந்தனைகள் அப்படியே தொடரும். தாங்கள் கொடுத்துள்ள முன்பணம் ரூ.3,00,000 எங்கள் பொறுப்பில் உள்ளது. இந்த ஏற்பாட்டில் மாற்றம் இருந்தால் நால்வர் கையெழுத்துடன் எழுத்தில் தெரிவிப்போம்.

"நாங்கள் அனைவரும் பெற்றதாகும்" என்ற வரிதான் இதில் உயிர்நாடி. அது இருந்தால் கடைக்காரர் அம்மாவிடம் கொடுத்த பணத்தைப் பிறகு மகன் வந்து கேட்க முடியாது. முன்பணம் பற்றிய வரியைச் சேர்க்க வாரிசுகள் தயங்குவார்கள். சேர்த்தால் கடைக்காரர் மறுபேச்சில்லாமல் கடிதத்தை ஏற்றுக்கொள்வார் என்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அவருக்கு இருக்கும் முதல் பயமே அதுதான்.

இறப்புச் சான்றிதழ் நகலை இணையுங்கள். இரண்டு பிரதி எடுத்து நேரில் கொடுத்து, ஒன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு கையெழுத்து வாங்குவதே நல்லது. முடியாதென்றால் அஞ்சலில் அனுப்பி, ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். வாட்ஸ்அப்பிலும் ஒரு படம் போட்டு வையுங்கள், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

எல்லா வாரிசும் கையெழுத்துப் போடணுமா? தங்கச்சி வெளிநாட்டுல இருக்கா.

எல்லாரும் போடுவதே சரி. கல்யாணமாகிப் போன மகள், தனியாக வசிக்கும் மகன், இறந்தவருடைய தாய் உயிரோடு இருந்தால் அவரும். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-ன்படி ஆண் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, மகன், மகள், தாய் எல்லாரும் முதல் வகுப்பு வாரிசுகள். பாட்டியை மறந்துவிடுவது நான் அடிக்கடி பார்க்கும் பிழை. "அவங்களுக்கு எதுக்கு இதெல்லாம்" என்று விட்டுவிடுவார்கள், ஆனால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. இஸ்லாமியர்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் பங்குக் கணக்கு வேறு. யாருக்கு எவ்வளவு என்ற கணக்கு கடைக்காரருக்குத் தேவையே இல்லை. எல்லாரும் சேர்ந்து ஒருவரைக் காட்டினால் அவருக்குப் போதும்.

வெளிநாட்டில் இருப்பவர், "அம்மா வாடகை பெற எனக்குச் சம்மதம்" என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, வழக்கமாகப் பயன்படுத்தும் மின்னஞ்சலிலிருந்து அனுப்பினால் இந்தக் கடிதத்துக்குப் போதும். அவர் சார்பில் வழக்குப் போடவோ புது ஒப்பந்தத்தில் கையெழுத்திடவோ ஆள் நியமிப்பதென்றால்தான் பவர் பத்திரம் வேண்டும். அதை அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்பி, இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். வாடகை வாங்க மட்டும் அவ்வளவு தூரம் போக வேண்டாம்.

வாரிசுச் சான்றிதழ் இன்னும் கைக்கு வரல. அதுவரைக்கும் வாடகை வாங்கக் கூடாதா?

தாராளமாக வாங்கலாம். வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ், குடும்பத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று காட்டும் ஆவணம். உரிமை அதிலிருந்து பிறப்பதில்லை. பட்டா, சொத்து வரி, மின் இணைப்பு இவற்றில் பெயர் மாறும் வரை காத்திருக்கவும் வேண்டாம். இறப்புச் சான்றிதழோடு கடிதத்தை அனுப்பிவிட்டு, "வாரிசுச் சான்றிதழ் கிடைத்ததும் நகல் தருகிறோம்" என்று ஒரு வரி சேருங்கள். சொன்னபடி கொடுத்தும் விடுங்கள்.

கடைக்காரர், "சான்றிதழ் வந்த பிறகு மொத்தமாகத் தருகிறேன்" என்று சொன்னால் அது ஓரளவு நியாயம்தான், ஆனால் மாதக்கணக்கில் நீளக் கூடாது. நால்வரும் கையெழுத்திட்ட ஈட்டுறுதிப் பத்திரம் ஒன்றை, அதாவது வேறு யாராவது உரிமை கோரினால் நாங்களே பொறுப்பு என்று முத்திரைத்தாளில் எழுதியதை, கொடுத்தால் பெரும்பாலானவர்கள் சமாதானமாகிவிடுவார்கள்.

அக்ரிமெண்ட் அப்பா பேர்ல இருக்கு. அவர் போனதும் அது செல்லாதா? புதுசு போடணுமா?

செல்லும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, உரிமையாளர் இறந்ததால் வாடகை ஒப்பந்தம் முறிவதில்லை. அப்பாவின் இடத்தில் நீங்கள் எல்லாரும் சேர்ந்து ஒரே உரிமையாளராக நிற்கிறீர்கள், அவ்வளவுதான். மீதமுள்ள காலம், வாடகைத் தொகை, உயர்வு விகிதம், காலி செய்யச் சொல்லும் அவகாசம் எல்லாம் பழையபடியே.

இதில் இரண்டு பக்கமும் தவறாகக் கணக்குப் போடுகிறார்கள். வாரிசுகள் இந்தக் கடிதத்திலேயே "வாடகை இனி இவ்வளவு" என்று உயர்த்தி எழுதுகிறார்கள். கடைக்காரர் அதைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸாக நினைத்து நேரே வக்கீலிடம் ஓடுகிறார். பணம் யாருக்கு என்று சொல்லும் கடிதத்தில் வேறு எதையும் கலக்காதீர்கள். காலம் முடிந்து புதுப்பிக்கும்போது எல்லா வாரிசுகளின் பெயரிலும் புது ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம்.

நான் கடை வெச்சிருக்கேன். ஓனர் இறந்தது தெரியாம அவர் அக்கவுண்ட்லயே வாடகை போட்டுட்டேன். திரும்பக் கட்டணுமா?

தெரியாமல் நல்லெண்ணத்தில் போட்டிருந்தால் இரண்டாவது முறை கட்ட வேண்டியதில்லை. அந்தப் பணமும் எங்கும் போய்விடவில்லை, இறந்தவர் கணக்கில்தான் இருக்கிறது. அங்கிருந்து வாரிசுகளுக்கே போய்ச் சேரும்.

மேலே மாதிரிக் கடிதத்தில் உள்ள குடும்பத்தையே எடுத்துக்கொள்வோம். வாடகை மாதம் ரூ.24,000. ஒரு மாத வாடகையை அடுத்த மாதம் 5-ம் தேதிக்குள் கொடுப்பது வழக்கம். உரிமையாளர் ஜூன் 11-ல் இறந்தார். கடைக்காரர் வெளியூரில் இருந்ததால் தெரியாது. ஜூலை 5-ல் வழக்கம்போல ஜூன் வாடகையை அவர் கணக்கில் போட்டுவிட்டார். கடிதம் ஜூலை 9-ல் வந்தது, அதில் "ஜூன் மாத வாடகை முதல்" என்று இருக்கிறது. கடைக்காரர் செய்ய வேண்டியது, ஜூலை 5-ல் பணம் போன பரிமாற்ற விவரத்தைக் காட்டி, "ஜூன் வாடகை ஏற்கெனவே செலுத்தப்பட்டது, ஜூலை முதல் தாயார் கணக்கில் செலுத்துகிறேன்" என்று எழுத்தில் பதில் கொடுப்பது. அந்த 24,000-ஐ வாரிசுகள் வங்கியிடம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஒன்றை மட்டும் உடனே பாருங்கள். இறப்பு பற்றி வங்கிக்குத் தெரிந்துவிட்டால், தனிப்பெயர்க் கணக்குக்கு வரும் பணத்தை "கணக்குதாரர் காலமானார்" என்ற குறிப்போடு திருப்பி அனுப்ப அதற்கு இடம் உண்டு. அப்படித் திரும்பியிருந்தால் நீங்கள் வாடகை கட்டவில்லை என்றுதான் கணக்கு. மாதாமாதம் தானாகப் போகும்படி வங்கியில் சொல்லி வைத்தவர்களுக்கு இது மாதக்கணக்கில் கண்ணில் படாமலே போகும். கடிதம் கைக்கு வந்த அன்றே அந்த ஏற்பாட்டை நிறுத்துங்கள். தெரிந்த பிறகும் பழைய கணக்கிலேயே போட்டுக்கொண்டிருந்தால் "தெரியாது" என்ற பாதுகாப்பு போய்விடும்.

ஓனர் இருக்கும்போதே ரெண்டு மாச வாடகை பாக்கி. அதையும் வாரிசுங்க கேட்க முடியுமா?

கேட்கலாம். கடையை விலைக்கு வாங்கியவருக்கும் வாரிசுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் வருகிறது. விலைக்கு வாங்கியவர், தாம் வாங்குவதற்கு முந்தைய பாக்கியை, தனியாக எழுதி வாங்காவிட்டால் கேட்க முடியாது. சொத்து மாற்றுச் சட்டம் பிரிவு 109 அப்படிச் சொல்கிறது. வாரிசுகளுக்கோ, பாக்கி என்பது இறந்தவருக்கு வர வேண்டிய கடன். அதுவும் அவர் விட்டுச்சென்ற சொத்துதான்.

அதில் ஒரு முடிச்சு இருக்கிறது. மேலே சொன்ன குடும்பத்தில் ஏப்ரல், மே வாடகை ரூ.48,000 பாக்கி என்று வையுங்கள். அவை இறப்புக்கு முன்பே கொடுத்திருக்க வேண்டியவை. கடைக்காரர் தானாகக் கொடுத்தால் ரசீது கொடுத்து வாங்கிக்கொள்ளலாம், பிரச்சினையில்லை. கொடுக்க மறுத்து விஷயம் நீதிமன்றம் போனால், இறந்தவருக்கு வர வேண்டிய கடனை வசூலிக்கத் தீர்ப்புப் பெற வாரிசுரிமைச் சான்றிதழ் போன்ற நீதிமன்ற ஆவணம் கேட்பார்கள். இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925, பிரிவு 214. விவசாய நில வாடகைக்கு இதில் விலக்கு உண்டு, கடை வாடகைக்கு இல்லை. வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழும் நீதிமன்றம் தரும் வாரிசுரிமைச் சான்றிதழும் வேறு வேறு என்பதைக் கவனியுங்கள். முதலாவது இங்கே போதாது.

இறப்புக்குப் பிந்தைய மாதங்களின் வாடகை வாரிசுகளுக்கே நேரடியாகச் சேர வேண்டியது, அதற்கு இந்தச் சான்றிதழ் தேவையில்லை. அதனால்தான் பழைய பாக்கியையும் புது வாடகையையும் ஒரே தொகையாகக் கூட்டி எழுதாதீர்கள் என்கிறேன். கடிதத்தில் தனித்தனிப் பத்தியாக இருக்கட்டும். வாடகைப் பாக்கிக்கு வழக்குப் போட ஒவ்வொரு தொகையும் கொடுக்க வேண்டிய நாளிலிருந்து 3 ஆண்டுதான் கெடு என்பதையும் நினைவில் வையுங்கள்.

நான் குடுத்த அட்வான்ஸ் மூணு லட்சம் யார்கிட்ட இருக்கு? வாரிசுங்க "அப்பா எங்ககிட்ட எதுவும் சொல்லலை"ன்னு சொல்றாங்க.

அப்பா சொன்னாரா இல்லையா என்பது பிரச்சினையே இல்லை. கடையை எடுத்துக்கொள்பவர்கள் அதோடு ஒட்டியிருக்கும் பொறுப்பையும் எடுத்துக்கொள்கிறார்கள். இறந்தவரிடமிருந்து தங்களுக்கு வந்த சொத்தின் அளவுக்கு அவருடைய கடனை அவர்கள் தீர்க்க வேண்டும், கடையே அவர்கள் கைக்கு வந்திருக்கும்போது அந்த அளவு பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை.

ஆதாரம் இருக்கிறதா என்பதுதான் உங்கள் கவலையாக இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் தொகை எழுதியிருந்தால் சரி. வருடங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக் கொடுத்த முன்பணம் பெரும்பாலும் ஒப்பந்தத்தில் ஏறியிருக்காது, இறந்தவருடைய டைரியில்தான் இருக்கும். அப்படியென்றால் வங்கி மூலம் போன தொகைகளைத் தேடி எடுங்கள். பிறகு வாரிசுகளுக்கு எழுதும் பதிலில் "மொத்த முன்பணம் இவ்வளவு" என்று குறிப்பிட்டு உறுதி கேளுங்கள். அவர்கள் புதிதாகப் பொறுப்பேற்று உங்கள் வாடகையை எதிர்பார்த்திருக்கும் இந்த நேரத்தில் கேட்பதே நல்லது. முன்பணத்தில் கழித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வாடகையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். ஒப்பந்தம் அதற்கு இடம் தராவிட்டால் நீங்கள்தான் பாக்கிதாரர்.

பெரிய பையன் மட்டும் வந்து "எங்கிட்ட குடுங்க"ங்கறார். மத்தவங்க கையெழுத்து இல்ல. கொடுக்கலாமா?

கையில் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். மூத்த மகன் என்பதால் மற்றவர்கள் சார்பில் வாங்க அவருக்குத் தனி அதிகாரம் எதுவும் இல்லை. கூட்டாகச் சேர வேண்டிய பணத்தைக் கூட்டாகத்தான் கேட்க முடியும் என்பது ஒப்பந்தச் சட்டத்தின் பொது விதி. "அம்மாவும் தம்பியும் தங்கையும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அன்றைக்கே தருகிறேன்" என்று எழுத்திலேயே பதில் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பாக இருந்தாலும் பரவாயில்லை. அப்புறம் வாடகையைச் செலவழிக்காமல் தனியாக எடுத்து வையுங்கள். பணம் தயாராக இருக்கிறது, ஆள்தான் தெளிவாகவில்லை என்று காட்ட முடிவது உங்களுக்குப் பெரிய பலம்.

போலிக் கடிதத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இறப்புச் செய்தி தெரிந்த யாரோ ஒருவர் வங்கிக் கணக்கு எண்ணோடு கடிதம் அனுப்புவது நடக்காத விஷயமில்லை. கடிதத்தில் உள்ள எண்ணுக்குப் பேசாமல், உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் குடும்ப எண்ணுக்குப் பேசுங்கள். யுபிஐ-யில் முதலில் ஒரு ரூபாய் அனுப்பினால் வரும் பெயர், கடிதத்தில் உள்ள பெயரோடு ஒத்துப் போகிறதா என்று பாருங்கள்.

அம்மா ஒரு நோட்டீஸ், ரெண்டாவது பையன் ஒரு நோட்டீஸ். ரெண்டு பேரும் தனக்குத்தான் வாடகைங்கறாங்க. நான் என்ன பண்றது?

பக்கம் சாயாதீர்கள். பல வருடப் பழக்கம், அம்மாவின் மேல் பரிதாபம், பையன் கடைக்கு வந்து போட்ட சத்தம், எதுவும் இந்த முடிவுக்கு ஆதாரமாக முடியாது. இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி கடிதம் எழுதுங்கள். "இன்னாரிடமிருந்தும் இன்னாரிடமிருந்தும் முரண்பட்ட கடிதங்கள் வந்துள்ளன, நீங்கள் சேர்ந்தோ நீதிமன்ற உத்தரவோடோ சொன்னால் உடனே தருகிறேன், இத்தனை மாத வாடகை தயாராக உள்ளது" என்பது போதும்.

அதற்குப் பிறகும் தீராவிட்டால் வாடகையை வைப்பாகச் செலுத்தும் வழி இருக்கிறது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த, நில உரிமையாளர் மற்றும் வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் பற்றிய சட்டத்தின் கீழ், வாடகை யாருக்குச் சேர வேண்டும் என்று தெரியாத நிலையில் வாடகை அதிகாரியிடம் செலுத்தலாம். இந்த ஒரு வேலைக்கு வக்கீல் வைத்துக்கொள்வதில் தப்பில்லை. மாதம் தவறாமல் செலுத்தினால்தான் இந்தப் பாதுகாப்பு. இரண்டு மாதம் செலுத்திவிட்டு நிறுத்தியவரை பாக்கிதாரர் என்றே பார்ப்பார்கள்.

அவங்க வாரிசுதான்னு நான் ஒத்துக்கிட்டா, பின்னாடி வேற யாராவது வந்தா மாட்டிக்குவேனா?

உங்களைக் கடையில் உட்கார வைத்தவர் உரிமையாளர்தான் என்பதை நீங்கள் மறுக்க முடியாது. ஆனால் அவரிடமிருந்து தனக்கு உரிமை வந்தது என்று ஒருவர் சொல்லும்போது, வந்ததா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அதைத் தொடக்கத்திலேயே, ஒரே முறை, மரியாதையாகக் கேட்டுவிடுங்கள். இரண்டு வருடம் வாடகை கொடுத்துவிட்டு, காலி செய்யச் சொன்னதும் "நீங்கள் யார்?" என்று கேட்பவரை நீதிமன்றம் நம்பாது.

அப்பா உயில் எழுதி வெச்சிருக்கார், கடை எனக்குத்தான். நான் மட்டும் நோட்டீஸ் கொடுத்தா போதுமா?

உயில் நகலை இணைத்து நீங்கள் மட்டும் அனுப்பலாம். ஆனால் உயில் உண்மையானதா என்று கடைக்காரரால் சோதிக்க முடியாது, அவர் தயங்கினால் குறை சொல்லவும் முடியாது. மற்ற வாரிசுகளின் "ஆட்சேபணையில்லை" கையெழுத்தைக் கடிதத்தின் கீழேயே வாங்கிவிடுங்கள். அவர்கள் மறுத்தால் உங்கள் குடும்பத்தில் உயில் சண்டை தொடங்கிவிட்டது என்று அர்த்தம், கடைக்காரர் இரண்டு நோட்டீஸ் கேள்வியில் சொன்ன நிலைக்குப் போய்விடுவார்.

ஓனரோட மேனேஜர்தான் இத்தனை நாள் பவர் வெச்சு வாடகை வாங்கினார். அவர்கிட்டயே தொடர்ந்து குடுக்கலாமா?

கூடாது. பவர் கொடுத்தவர் இறந்ததும் பவர் முடிந்துவிடுகிறது, பத்திரம் பதிவு செய்ததாக இருந்தாலும் பொதுவாக அப்படித்தான். இறப்புச் செய்தி தெரியாத வரை நீங்கள் அவரிடம் கொடுத்தது செல்லும். தெரிந்த பிறகு கொடுத்தால் அது உங்கள் பொறுப்பு. வாரிசுகள் அவரையே தொடரச் சொல்ல விரும்பினால் தங்கள் கடிதத்தில் அவர் பெயரை எழுதட்டும். பவர் பத்திரத்தில் இருப்பதை நம்பியே பல மாத வாடகை திசைமாறிப் போவதைப் பார்த்திருக்கிறேன், மேனேஜர் ஏமாற்றுக்காரராக இல்லாதபோதும்.

வாடகைக்கு டிடிஎஸ் பிடிக்கிறேன், ஜிஎஸ்டி பில்லும் வாங்கறேன். என்ன மாத்தணும்?

இறந்தவரின் பான் எண்ணில் பிடித்துக்கொண்டே போகாதீர்கள். யார் யாருக்கு எந்த விகிதத்தில் வாடகை வருமானம் சேர்கிறது என்பதையும் அவர்களுடைய பான் எண்களையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அம்மா கணக்கில் மொத்தப் பணமும் போவதால் மொத்த வருமானமும் அம்மாவுடையதாகிவிடாது. வாடகை பெறுபவர் வேறு, உரிமையாளர்கள் வேறு. ஜிஎஸ்டி-யிலும் இறந்தவர் எண்ணில் வரும் பில் உங்களுக்கு ஆபத்து, வாரிசுகளுக்குப் புது எண் இருக்கிறதா என்று கேளுங்கள். அவர்களிடம் பதிவு இல்லை, உங்களிடம் இருக்கிறது என்றால் 2024 அக்டோபர் முதல் அந்த வரியை நீங்களே கட்ட வேண்டிய நிலை வரலாம். ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை.

முதல்ல அம்மா வாங்கட்டும்னு நாலு பேரும் எழுதிக் கொடுத்தோம். இப்போ தம்பி, "என் கால் பங்கு வாடகையை எனக்கே தனியா கொடுங்க"ன்னு கடைக்காரர்கிட்ட நிக்கறான்.

கடைக்காரர் முதல் கடிதத்தின்படியே நடக்கலாம். அதில் "மாற்றம் இருந்தால் நால்வர் கையெழுத்துடன்" என்று எழுதியிருந்தால் அவருக்கு வேலை சுலபம், அதைக் காட்டி அனுப்பிவிடலாம். அந்த வரி இல்லாமல், தம்பி தன் சம்மதத்தை எழுத்தில் திரும்பப் பெற்றுவிட்டால் விஷயம் இரண்டு நோட்டீஸ் கேள்விக்கே திரும்பிப் போகிறது.

வாடகையை நான்கு கூறாக்கி நான்கு பேருக்குக் கொடுக்கும்படி வாரிசுகள் எல்லாரும் சேர்ந்து கேட்டால் கொடுக்கலாம். ஒருவர் கேட்டதற்காக மட்டும் கூறு போடக் கூடாது. பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாகி, கடை ஒருவர் பங்குக்குப் போய்விட்டால் கதை வேறு. அப்போது பத்திர நகலோடு புதுக் கடிதம், புதுக் கணக்கு, "இந்த மாத வாடகை முதல்" என்ற அதே வரி. முன்பணத்தை யார் ஏற்கிறார்கள் என்பதையும் அந்தப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அங்கே விட்டுவிட்டால் கடைக்காரர் காலி செய்யும் நாளில் அண்ணன் தம்பியைக் காட்டுவார், தம்பி அண்ணனைக் காட்டுவார்.